முதல் அரைப்பக்கம்: டெண்டர் சுருக்கவுரையைச் செப்பனிடும் முறை

அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் கோரும் பெரிய டெண்டர்கள் பெரும்பாலும் இரண்டு கவர் முறையில் நடக்கின்றன. முதல் கவரில் நிறுவனத்தின் தகுதி, அனுபவம், வேலைத் திட்டம் ஆகியவை இருக்கும். இரண்டாவது கவரில் விலை மட்டும் இருக்கும். முதல் கவரைப் படித்துத் தேர்ச்சி பெற்றவர்கள் யார் என்று முடிவு செய்த பிறகே, அவர்களுடைய விலைக் கவரைத் திறப்பார்கள். அந்த முதல் கவரின் முன்பகுதியில், மொத்த முன்மொழிவின் சாரத்தைச் சொல்லும் ஓரிரு பக்கங்கள் இருக்கும். டெண்டர் வேலையில் இருப்பவர்கள் அதை எக்ஸிகியூட்டிவ் சம்மரி என்பார்கள். இங்கே அது சுருக்கவுரை என்று குறிக்கப்படுகிறது.

பெரும்பாலான டெண்டர்களில் சுருக்கவுரைக்குத் தனி மதிப்பெண் கிடையாது. மதிப்பீட்டுக் குழு, டெண்டர் ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் மதிப்பெண் பட்டியலின்படி மட்டுமே மதிப்பெண் போட முடியும். அந்தப் பட்டியலில் அனுபவம், வேலைத் திட்டம், ஆட்கள், கருவிகள் போன்ற தலைப்புகள்தான் இருக்கும். ஆனால் மதிப்பெண்ணுக்கு உரிய சான்றுகள் சில நூறு பக்கங்களுக்குள் சிதறிக் கிடக்கும். குழுவில் ஒரு பொறியாளர், ஒரு கணக்கு அதிகாரி, சில சமயம் வெளியிலிருந்து வரும் ஒரு பேராசிரியர் இருப்பார்கள். அன்றாட வேலைக்கு நடுவே அவர்கள் பல நிறுவனங்களின் கட்டுகளைப் புரட்டியாக வேண்டும். எதைத் தேட வேண்டும், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், உரிய மதிப்பெண் விடுபட்டுப் போகாது. சுருக்கவுரையின் முதல் அரைப்பக்கத்துக்கு உரிய வேலை இதுதான்.

ஒரு மதிப்பெண்ணின் விலை

விலையையும் தரத்தையும் சேர்த்து எடைபோடும் முறைக்கு க்யூ.சி.பி.எஸ். என்று பெயர். ஆலோசனைப் பணிகளில் தரத்துக்கு 70 அல்லது 80 பங்கு வைப்பது வழக்கம். கட்டுமானப் பணிகளுக்கும் ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்த ஒன்றிய நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வழிவிட்டது. ஆனால் அவற்றில் தரத்தின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் வைத்தது.

30 சதவீதம் என்பது சிறிதாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. தரத்துக்கு 30, விலைக்கு 70 என்ற டெண்டரில் இரண்டு நிறுவனங்கள் நிற்பதாகக் கொள்வோம். ஒன்று தொழில்நுட்பத்தில் 75 மதிப்பெண்ணும் மற்றொன்று 85 மதிப்பெண்ணும் பெறுகின்றன. மதிப்பெண்ணை அப்படியே 30 சதவீதத்தால் பெருக்கிச் சேர்க்கும் முறையில், அந்தப் பத்து மதிப்பெண் கூட்டுத்தொகையில் 3 புள்ளியாகிறது. குறைந்த விலை கேட்ட முதல் நிறுவனம் 10 கோடி ரூபாய் கேட்டிருந்தால், இரண்டாவது நிறுவனம் ஏறக்குறைய 45 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கேட்டும் அதற்குச் சமமாக நிற்கலாம். இருக்கும் தகுதி கண்ணில் படாமல் பத்து மதிப்பெண் போனால், அந்த நிறுவனம் இழப்பது இவ்வளவு.

எடுத்துக்காட்டு: தெருவிளக்குப் பராமரிப்பு

செப்பனிடும் முறையை ஒரு கற்பனை டெண்டரை வைத்துப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் கடலோர நகரம் ஒன்றில் 18,000 எல்.இ.டி. தெருவிளக்குகளை ஐந்தாண்டு பராமரிக்க மாநகராட்சி டெண்டர் கோருகிறது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் விளக்கு எரிய வேண்டும். தவறினால் ஒவ்வொரு விளக்குக்கும் நாள் கணக்கில் அபராதம் உண்டு. மதிப்பெண் பட்டியலில் ஒத்த பணி அனுபவத்துக்கு 30, வேலைத் திட்டத்துக்கு 30, ஆட்களுக்கும் கருவிகளுக்கும் 20, நேரடி விளக்கத்துக்கு 20 என்று பிரித்திருக்கிறார்கள். தேர்ச்சிக்கு 70 வேண்டும்.

போட்டியிடும் நிறுவனம் ஒன்றின் சுருக்கவுரை, முதல் வரைவில் இப்படித் தொடங்குகிறது:

“இந்த டெண்டரில் பங்கேற்க வாய்ப்பளித்த மாநகராட்சிக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. 2006-இல் தொடங்கப்பட்ட எங்கள் நிறுவனம் மின்பணித் துறையில் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. தரம், நேர்மை, காலந்தவறாமை ஆகியவற்றை எங்கள் உயிர்மூச்சாகக் கொண்டிருக்கிறோம். ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்று பெற்றுள்ளோம். அனுபவம் மிக்க பொறியாளர்களும் நவீனக் கருவிகளும் எங்களிடம் உள்ளன. தெருவிளக்குப் பராமரிப்பில் எங்களுக்குப் பரந்த அனுபவம் உண்டு. மாநகராட்சியின் எதிர்பார்ப்புகளை நூறு சதவீதம் நிறைவேற்றுவோம் என உறுதியளிக்கிறோம்.”

இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மதிப்பீட்டாளர் கையில் இருக்கும் பட்டியலில் ஒரு கட்டத்தைக்கூட இதை வைத்து நிரப்ப முடியாது.

பேனா எடுக்கும் முன்

வரைவில் கை வைப்பதற்கு முன்னால் டெண்டர் ஆவணத்திலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவது, மதிப்பெண் பட்டியல். சுருக்கவுரையில் எதற்கு எவ்வளவு இடம் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். இந்த எடுத்துக்காட்டில் அனுபவத்துக்கும் வேலைத் திட்டத்துக்கும் சேர்த்து 60 மதிப்பெண். அரைப்பக்கத்தில் பெரும்பங்கு அவ்விரண்டுக்கும் போக வேண்டும்.

இரண்டாவது, டெண்டர் கோரியவரின் கவலை. அதை ஆவணம் வெளிப்படையாக எழுதாது. ஆனால் அபராதப் பிரிவைப் படித்தால் தெரியும். எந்தத் தவறுக்கு அபராதம் அதிகமோ, அந்தத் தவறால் மாநகராட்சி முன்பு அவதிப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. டெண்டருக்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தின் கேள்வி பதில்களும் அதற்கு உதவும். இங்கே ஒரு நிறுவனம் “மழை நாட்களில் 48 மணி நேர வரம்பைத் தளர்த்த முடியுமா?” என்று கேட்டிருக்கிறது. “தளர்த்த இயலாது, மழைக்காலத்தில்தான் புகார்கள் மிகுதி” என்று மாநகராட்சி பதில் கொடுத்திருக்கிறது. அந்தப் பதிலிலிருந்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களைச் சமாளிப்பவரையே மாநகராட்சி தேடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

எதை வெட்டுவது

ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுப் போட்டி நிறுவனத்தின் பெயரை வைத்துப் படிக்க வேண்டும். அப்போதும் வாக்கியம் பொருந்தினால் அதை நீக்கிவிடலாம். மேலே உள்ள வரைவில் நன்றி, முன்னணி நிறுவனம், உயிர்மூச்சு, நவீனக் கருவிகள், நூறு சதவீத உறுதி என்று எல்லாமே இந்தச் சோதனையில் விழுந்துவிடும். நன்றி சொல்ல முகப்புக் கடிதம் இருக்கிறது. நிறுவன வரலாற்றுக்கு உள்ளே தனி அத்தியாயம் இருக்கிறது. போட்டியிடும் மற்றவர்களும் ஐ.எஸ்.ஓ. சான்று வைத்திருப்பார்கள். தகுதி நிபந்தனையில் அதைக் கேட்டிருந்தால் அதற்குரிய இணைப்பில் வைத்தால் போதும்.

பரந்த அனுபவம் என்ற ஒரு தொடர் மட்டும் வெட்டக் கூடியதாக இருந்தாலும் அதன் அடியில் சரக்கு இருக்கிறது. எந்த ஊரில், எத்தனை விளக்கு, எத்தனை ஆண்டு, என்ன விளைவு என்று வேலை பார்த்தவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். செப்பனிடுபவரின் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்கே போகும். வாக்கியத்தை அழகுபடுத்துவதற்குக் கொஞ்ச நேரம் போதும்.

இங்கே களப்பணி மேலாளரிடம் கேட்டபோது கிடைத்த விவரம்: வேறொரு நகராட்சியில் 11,500 விளக்குகளை நிறுவனம் மூன்றாண்டாகப் பராமரிக்கிறது. கடந்த மழைக்காலத்தின் 92 நாட்களில் 2,140 புகார்கள் வந்தன. அவற்றுள் 1,990 புகார்கள் 48 மணி நேரத்துக்குள் தீர்க்கப்பட்டன. அதாவது நூற்றுக்கு 93. மீதி 150 புகார்களில் பெரும்பாலானவை மண்ணுக்கடியில் போகும் கேபிளில் ஏற்பட்ட பழுது. கேபிள் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகிவிட்டது.

இந்தக் கடைசிச் செய்தியை மறைத்துவிடலாம் என்று நிறுவனத்தில் பலருக்குத் தோன்றும். ஆனால் முழு முன்மொழிவிலும் மிகுந்த மதிப்புடையது அதுதான். எங்கே தாமதம் வந்தது என்று தெரிந்தவருக்கே அதற்கு மாற்று ஏற்பாடு செய்யத் தெரியும். கேபிள் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்த தனிக் குழுவும் இந்தப் பணியில் சேர்க்கப்பட்டிருந்தால், 93 என்ற எண்ணையும் அந்த ஏற்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதலாம்.

வரிசை

நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லித்தான் தொடங்கும். மதிப்பீட்டாளர் தன் மாநகராட்சியைப் பற்றியே நினைத்துக்கொண்டு படிக்கிறார். ஆகவே அரைப்பக்கத்தின் வரிசையைத் திருப்பிவிட வேண்டும். முதலில் மாநகராட்சியின் தேவை, அடுத்து அதற்கான ஏற்பாடு, பிறகு அந்த ஏற்பாடு பலிக்கும் என்பதற்குச் சான்று, கடைசியில் மாநகராட்சிக்குக் கிடைக்கும் பயன். ஒவ்வொன்றின் பின்னாலும் விவரம் இருக்கும் பக்க எண் வர வேண்டும். செப்பனிட்ட வடிவம்:

“மாநகராட்சியின் 18,000 தெருவிளக்குகளில் எது அணைந்தாலும் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் எரிய வேண்டும் என்பது இந்தப் பணியின் முதன்மை நிபந்தனை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை நிறைவேற்றுவதே கடினம். இந்த முன்மொழிவு அந்த மூன்று மாதங்களைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டது.

ஆண்டு முழுவதும் 6 பழுதுபார்ப்புக் குழுக்களும் மழை மாதங்களில் 9 குழுக்களும் பணியில் இருக்கும் (பக்கம் 58). ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் கம்பங்களின் எர்த்திங், கேபிள் இணைப்பு, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை சோதிக்கப்படும் (பக்கம் 64).

11,500 விளக்குகள் உள்ள ஒரு நகராட்சியில் எங்கள் நிறுவனம் மூன்றாண்டாக இதே பணியைச் செய்கிறது. கடந்த மழைக்காலத்தில் அங்கே வந்த 2,140 புகார்களில் 1,990 புகார்கள் 48 மணி நேரத்துக்குள் தீர்க்கப்பட்டன (நகராட்சிப் பொறியாளரின் சான்று, பக்கம் 112). தாமதமானவற்றுள் பெரும்பாலானவை மண்ணடிக் கேபிள் பழுதுகள். அதனால் கேபிள் பழுதைக் கண்டறியும் கருவியும் அதற்கான தனிக் குழுவும் இங்கே முதல் நாளிலிருந்தே இருக்கும் (பக்கம் 71).

சரிசெய்த ஒவ்வொரு விளக்கின் படமும் நேரமும் பதிவான பிறகே புகார் முடித்துவைக்கப்படும். அபராதக் கணக்கை மாநகராட்சிப் பொறியாளர் அந்தப் பதிவிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளலாம் (பக்கம் 76).”

ஏ4 தாளில் இது அரைப்பக்க அளவுதான். பொறியாளர் இதில் கேபிள் ஏற்பாட்டைப் பார்ப்பார். கணக்கு அதிகாரி அபராதக் கணக்கு பற்றிய வரியைப் பார்ப்பார். அனுபவத்துக்கு மதிப்பெண் போடுபவர் 112-ஆம் பக்கத்தைத் திறப்பார். பிற தகுதிகளும் அட்டவணைகளும் இதன் கீழே வரலாம்.

விலை சொல்லாமல் மதிப்பைக் காட்டுவது

மதிப்பு என்றதும் குறைந்த விலை நினைவுக்கு வரும். இரண்டு கவர் முறையில் அந்த வழி அடைபட்டது. தொழில்நுட்பக் கவரில் விலையோ, விலையை ஊகிக்க உதவும் எண்ணோ தென்பட்டால் முன்மொழிவு தள்ளுபடியாகும் என்று டெண்டர் ஆவணங்களிலேயே எழுதியிருப்பார்கள். “மற்றவர்களைவிடப் பத்து சதவீதம் சிக்கனம்” என்பது போன்ற வரி ஆசையில் நுழைந்துவிடக் கூடிய இடம் சுருக்கவுரைதான். ஆகவே தொழில்நுட்பக் கவரை மூடும் முன், ரூபாய் என்ற சொல்லையும் சதவீதம் என்ற சொல்லையும் கோப்பு முழுவதும் தேடிப் பார்ப்பது நல்லது. முன்பு செய்த பணிகளின் மதிப்பு போல, டெண்டர் கேட்ட தொகைகள் மட்டுமே அங்கே இருக்கலாம்.

அப்படியானால் மதிப்பை வேறு அளவுகளில் காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம் மிச்சமாகும், எத்தனை புகார் குறையும், மாநகராட்சி ஊழியர்களுக்கு எந்த வேலை இல்லாமல் போகும் என்பவை அந்த அளவுகள். மேலே உள்ள வடிவத்தின் கடைசிப் பத்தி அந்த வகை. புகார்ப் பதிவேட்டையும் களத்தையும் ஒப்பிட்டு அபராதம் கணக்கிடும் சிரமம் பொறியாளருக்கு இல்லை என்பது அவருக்குப் புரியும் மதிப்பு.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது நிறுவனத்தின் முன்மொழிவும் அதன் பகுதியாகச் சேர்க்கப்படுவது வழக்கம். சுருக்கவுரையில் சொன்ன வாக்குறுதியும் அப்போது நிபந்தனையாகிவிடும். டெண்டர் 48 மணி நேரம் கேட்கும்போது, எடுப்பாக இருக்கட்டும் என்று 24 மணி நேரம் என்று எழுதினால் ஐந்தாண்டும் அதற்கு ஆள் வைக்க வேண்டும்.

9 குழுக்கள் என்ற எண்ணும் அப்படித்தான் கணக்கிட்டு வந்தது. பழைய நகராட்சியில் 92 நாட்களில் 2,140 புகார் என்றால் நாளொன்றுக்கு 23. விளக்குகளின் எண்ணிக்கை விகிதப்படி புதிய நகரத்தில் அது 36 ஆகும். ஒரு குழு நாளுக்கு 5 பழுது பார்த்தால் 9 குழுக்கள் 45 வரை தாங்கும். அடைமழை நாட்களுக்கான இடைவெளி அதில் இருக்கிறது. இந்த 9 குழுக்களுக்கான கூலி விலைக் கவரில் சேர்ந்திருக்கிறதா என்று விலைக் கணக்குப் போட்டவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே அந்த எண்ணைச் சுருக்கவுரையில் வைக்க வேண்டும்.

அதேபோல “கேபிள் வரைபடம் தரப்பட்டால்”, “சாலை தோண்ட அனுமதி உடனே கிடைக்கும் என்ற அடிப்படையில்” போன்ற தொடர்கள் முன்மொழிவை நிபந்தனையுடன் கூடியதாக ஆக்கிவிடும். நிபந்தனை வைத்த முன்மொழிவுகளைப் பல டெண்டர்களில் ஏற்பதில்லை. அத்தகைய ஐயங்களை ப்ரீ-பிட் கூட்டத்திலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சரிபார்ப்பு

சுருக்கவுரையை எழுதியவரே சோதித்தால் குறை தெரியாது. அந்த டெண்டரில் வேலை செய்யாத ஒருவரிடம் முதல் அரைப்பக்கத்தை மட்டும் ஒரு நிமிடம் கொடுத்து, பிறகு தாளை வாங்கிக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். மாநகராட்சிக்கு என்ன பிரச்சினை? அதற்கு இந்த நிறுவனம் என்ன செய்யப் போகிறது? அதை நம்ப என்ன ஆதாரம்? மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்தால் அரைப்பக்கம் சரியாக இருக்கிறது. “நல்ல அனுபவமுள்ள நிறுவனம் போல” என்று பதில் வந்தால் வெட்ட வேண்டியது இன்னும் இருக்கிறது.

பிறகு எண்களைச் சரிபார்க்க வேண்டும். சுருக்கவுரையில் 9 குழுக்கள் என்றும் 58-ஆம் பக்கத்தில் 8 குழுக்கள் என்றும் இருந்தால், மதிப்பீட்டாளர் குறைவான எண்ணையே எடுத்துக்கொள்வார். மற்ற எண்களின் மேலும் அவருக்குச் சந்தேகம் வரும். பக்க எண்கள் கடைசி நேரத்தில் மாறுபவை. இணைப்புகள் எல்லாம் சேர்ந்து, இறுதிக் கோப்புக்குப் பக்க எண் போட்ட பிறகே அவற்றைச் சுருக்கவுரையில் நிரப்ப வேண்டும். டெண்டர் வெளியான பிறகு வரும் திருத்த அறிவிப்பையும் மறக்கக் கூடாது. விளக்குகளின் எண்ணிக்கை 18,000-லிருந்து 18,600 என்று திருத்தப்பட்டிருக்க, சுருக்கவுரை பழைய எண்ணோடு போனால், நிறுவனம் ஆவணத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பழைய முன்மொழிவை நகல் எடுத்துத் திருத்தும் பழக்கமுள்ள இடங்களில் வேறொரு நகரத்தின் பெயர் உள்ளே தங்கிவிடுவதும் உண்டு.

எங்கே இது உதவாது

எல்லா டெண்டரிலும் சுருக்கவுரைக்கு இதே பலன் இல்லை. தகுதி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு, தேறியவர்களில் குறைந்த விலைக்கு வேலையைக் கொடுக்கும் டெண்டர்களில் 71 வாங்கினாலும் 95 வாங்கினாலும் ஒன்றுதான். அங்கே அரைப்பக்கத்தை ஒத்த பணி, ஆண்டு வரவு செலவு, உரிமம் போன்ற தகுதி நிபந்தனைகளுக்கும் அவற்றின் பக்க எண்களுக்கும் கொடுத்துவிட்டால் போதும். குறிப்பிட்ட படிவங்களைத் தவிர வேறு எதையும் இணைக்கக் கூடாது என்று சொல்லும் டெண்டர்களில் சுருக்கவுரைக்கே இடமில்லை.

சான்று இல்லாத இடத்திலும் எந்தச் செப்பனிடலும் உதவாது. 112-ஆம் பக்கத்தில் பொறியாளரின் கையெழுத்திட்ட சான்று இல்லையென்றால் 1,990 என்ற எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே முன்மொழிவு எழுத உட்காரும்போது சான்று கேட்டு அலைவதைவிட, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் புகார்க் கணக்கை எடுத்து, அந்த நகராட்சியிடம் சான்று வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளும் நிறுவனமே அடுத்த டெண்டரின் முதல் அரைப்பக்கத்தை நன்றாக எழுத முடியும்.